அபாய மணி ஒலித்தும் நகராத கால்கள்: ஒத்திகை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அபாய மணி ஒலிக்கத் தொடங்கியதிலிருந்து கடைசி ஆள் பாதுகாப்பான இடத்தை அடையும் வரை ஆகும் நேரத்தைத் தீப்பாதுகாப்புத் துறையினர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றனர். மணியைக் கேட்டவர் வெளியேறுவதற்காக முதல் அடி எடுத்துவைக்கும் வரை கழியும் நேரம் ஒன்று. அதன்பின் நடந்தும் படியிறங்கியும் வெளியே சேரும் நேரம் மற்றொன்று. இரண்டாவதைப் படிக்கட்டின் அகலம், ஆட்களின் எண்ணிக்கை, கடக்க வேண்டிய தூரம் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு கணக்கிட்டுவிடலாம். முதலாவது நேரம் மனிதர்களின் மனத்தைப் பொறுத்தது. பல இடங்களில் அதுவே நடக்கும் நேரத்தைவிட நீண்டுவிடுகிறது. ஆயினும் பெரும்பாலான ஒத்திகைகள் இரண்டாவது நேரத்தைக் குறைக்கவே நடத்தப்படுகின்றன.

மணியை மட்டும் நம்புவது

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மான்யூமென்ட் என்றொரு சுரங்க ரயில் நிலையம் உள்ளது. 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மூண்ட தீயில் 31 பேர் இறந்ததை அடுத்த ஆண்டுகளில், கிலேன் புரூ, ஜொனாதன் சைம் என்ற இரு ஆய்வாளர்கள் மான்யூமென்ட் நிலையத்தில், நிஜப் பயணிகளை வைத்தே, வெவ்வேறு வகையான எச்சரிக்கைகளைச் சோதித்துப் பார்த்தனர். முதல் சோதனையில் மணி மட்டும் ஒலித்தது. மேல்தளத்தில் இருந்தவர்கள் நகரத் தொடங்கவே எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பதினைந்து நிமிடங்கள் நெருங்கியும் நிலையம் காலியாகவில்லை. கடைசிச் சோதனையில், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கேமராவில் பார்த்தபடியே, என்ன நடந்துள்ளது, எந்த இடத்தில் நிற்பவர்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விளக்கிச் சொன்னார்கள். ஆறு நிமிடங்களுக்குள் நிலையம் காலியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் கூட்டம் பதறி ஓடும், நெரிசலாகிவிடும் என்ற அச்சத்தால் காரணத்தை மறைத்து மணியை மட்டும் ஒலிக்கவிடுவது பழைய வழக்கம். அங்கே யாரும் பதறவில்லை என்பதையும், சொல்லாமல் விட்டபோதுதான் மக்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள் என்பதையும் அந்தச் சோதனை காட்டியது.

மணி கேட்டவர் சும்மா நிற்பதில்லை. இது உண்மையா, பழுதான கருவி எழுப்பும் சத்தமா என்று யோசிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் எழுந்தாரா என்று பார்க்கிறார். அந்தப் பார்வையில்தான் ஆபத்து உள்ளது. 1968இல் பிப் லத்தானே, ஜான் டார்லி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறையில் அமர்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள்மீது சுவரின் துளை வழியாகப் புகை செலுத்தப்பட்டது. தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் அமர்ந்திருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் இருந்தவர்களிலோ பத்தில் ஒருவர் மட்டுமே எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். பிறர் அமைதியாக இருப்பதே ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பிறரும் இவரைப் பார்த்தே அமைதியாக இருக்கக்கூடும்.

ஆகவே ஒத்திகை மாற்ற வேண்டியது இதைத்தான்: முதலில் எழுந்து போவதில் உள்ள கூச்சம் நீங்க வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர்களின் தயக்கமும் கலைந்துவிடும். இதைத் திட்டமிட்டுப் பயிற்றுவித்த ஓர் ஊரை நான் அறிந்தவரையில் விரிவாகச் சொல்வது பயன்தரும். ஏனெனில் அதே ஊரில் தவறாக அமைந்த ஒத்திகை ஒன்றும் நடந்தது.

முதல் ஆளாக எழப் பழக்காமல் விடுவது

ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் உள்ள கடலோர நகரம் கமைஷி. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கதாதா, 2011க்கு முந்தைய சில ஆண்டுகளாக அந்நகரின் பள்ளிகளோடு சேர்ந்து சுனாமிப் பயிற்சி அளித்துவந்தார். அவர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிகள் மூன்று: வரைபடத்தில் போட்டிருக்கும் வெள்ள அபாய எல்லையை நம்பாதே, அந்தச் சூழலில் உன்னால் முடிந்த அளவுக்கு முயற்சி செய், தப்பி ஓடுபவர்களில் நீ முதல் ஆளாக இரு. மூன்றாவது விதியே பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது. எதுவும் வராமல் போனால் தாம் மட்டும் கோழைபோல் ஓடினோமே என்ற வெட்கம் வருமல்லவா? நீ ஓடுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடுவார்கள், ஆகவே முதலில் ஓடுவது பிறரைக் காக்கும் செயல் என்று அவர் அந்த வெட்கத்துக்கு மறுமொழி தந்தார். கமைஷியின் உனோசுமாய் பகுதியில் நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் அருகருகே இருந்தன. பெரிய மாணவர்கள் சிறியவர்களை அழைத்துக்கொண்டு ஓடும் கூட்டு ஒத்திகைகளும் அங்கே நடந்தன.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு நிலம் அதிர்ந்தது. மூன்று நிமிடங்களில் வந்த முதல் எச்சரிக்கை இவாத்தே கடற்கரையில் 3 மீட்டர் அலை வரலாம் என்றது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சிலி நிலநடுக்கத்தை அடுத்தும் இதே கரைக்குப் பெரும் சுனாமி எச்சரிக்கை விடப்பட்டு, வந்த அலை அதைவிடச் சிறிதாகவே இருந்தது. இரண்டு நாள் முன்பு, மார்ச் 9 அன்று, ஒரு சிறிய அலையும் வந்து போயிருந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களே மக்களைத் தயங்கவைப்பவை. அலையின் உயரம் பின்னர் திருத்தி அறிவிக்கப்பட்டாலும், மின்சாரம் போய்விட்டதால் பலருக்கு அது எட்டவே இல்லை.

பள்ளியின் ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அறிவிப்புக்காகக் காத்திராமல் வெளியே வந்தார்கள். மைதானத்தில் வரிசையாக நின்று பெயர் கூப்பிடும் வழக்கமான சடங்கையும் விட்டுவிட்டு ஓடினார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அப்போது மூன்றாம் மாடியில் கூடியிருந்தார்கள். வெள்ள அபாய வரைபடத்தின்படி அந்தப் பள்ளி எல்லைக்கு வெளியே இருந்ததால், மாடி போதும் என்று எண்ணுவதற்கு நியாயமான காரணம் இருந்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள். பின்னர் அந்த மூன்றாம் மாடியில் ஒரு கார் சிக்கிக் கிடந்தது.

முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு முதியோர் இல்லம். அதன் பின்னால் இருந்த சரிவு இடிந்து விழுவதைக் கண்டதும் அங்கேயும் நிற்காமல், சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே இருந்த மற்றோர் இல்லத்துக்கும், அங்கிருந்து அதற்கும் மேலே உள்ள மேட்டுக்கும் போனார்கள். முதியோர் இல்லம் சற்று நேரத்தில் அலைக்குள் போயிற்று. கமைஷியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். நகரின் ஏறத்தாழ 3000 தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் இறந்தவர்கள் 5 பேர். அவர்களும் அந்நேரத்தில் பள்ளியின் பொறுப்பில் இல்லாதவர்கள்.

இதை அற்புதம் என்று ஊடகங்கள் எழுதின. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. நில அதிர்வு நின்றதும் என்ன செய்வது என்ற முடிவு அவர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் முன்பே எடுக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் யோசித்த நிமிடங்களில் அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வசதியான இடத்துக்கு ஓடிப் பழகுவது

அதே உனோசுமாயில், பேரிடர்த் தடுப்பு மையம் என்ற பெயரில் ஓர் இரண்டு மாடிக் கட்டடம் இருந்தது. சுனாமி வந்து ஓய்ந்தபின் வீடிழந்தவர்கள் தங்குவதற்கான இடம் அது. அலையிலிருந்து தப்ப ஓட வேண்டிய இடமாக அது குறிக்கப்படவில்லை. ஓட வேண்டிய இடங்கள் கோயில் வளாகம் போன்ற மேட்டு நிலங்கள். ஆனால் முதியவர்களுக்கு மேடேறுவது சிரமம், தொலைவானால் ஒத்திகைக்கு ஆள் வருவதில்லை என்ற காரணங்களால், ஊர் நடுவே இருந்த இந்த மையத்தையே ஒத்திகைக்குக் கூடுமிடமாக வைத்துக்கொண்டார்கள். ஆள் வரவும் கூடியது. 2011 மார்ச் 3 அன்றும் அங்கே ஒத்திகை நடந்தது. எட்டு நாள் கழித்து, பழகியபடியே, தயங்காமல் மக்கள் அங்கே போனார்கள். இரண்டாம் மாடியின் கூரையை நெருங்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. அந்தக் கட்டடத்தில் 160க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று நகராட்சி பின்னர் மதிப்பிட்டது.

நல்லெண்ணத்தோடு நடந்த தவறு இது. அதனாலேயே இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒத்திகை தயக்கத்தைப் போக்கிவிடும் என்பது இங்கேயும் உண்மையாயிற்று. ஆனால் கால் பழகிய இடத்துக்கே போகும், காகிதத்தில் எழுதிய இடத்துக்குப் போகாது. நம் அலுவலகங்களில் மாக் டிரில் என்று நடத்தும்போது வெயில் என்பதற்காகக் கட்டடத்தின் முகப்பு நிழலிலேயே கூடச் சொல்வதும், பின்பக்கத் தீப்படிக்கட்டு தூசியாக இருக்கிறது என்று முன்வாசல் வழியாகவே எல்லோரையும் அனுப்புவதும் இதே வகையைச் சேர்ந்தவை. கண்ணாடிச் சில்லுகள் விழக்கூடிய இடத்தில் நிற்பதற்கும், புகை சூழக்கூடிய வழியில் இறங்குவதற்கும் அங்கே பழக்கம் ஏற்படுகிறது. மாற்றுத்திறனாளியோ முழங்கால் வலி உள்ளவரோ மேலே ஏற இயலாவிட்டால், அவரை யார் யார் எப்படி அழைத்துச் செல்வது என்பதை ஒத்திகையில் செய்து பார்க்க வேண்டுமே தவிர, அவருக்காகக் கூடுமிடத்தைக் கீழே இறக்கக் கூடாது.

இடத்தைக் குறிப்பிடாமலே விடுவது இன்னொரு தவறு. இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில், அதே நாளில், பிள்ளைகளும் ஆசிரியர்களும் எங்கே போவது என்று முடிவாகாமல் சுமார் 50 நிமிடங்கள் மைதானத்தில் இருந்தார்கள்; 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். பள்ளியின் கையேட்டில் பக்கத்தில் உள்ள வெற்றிடம், பூங்கா முதலியவை என்று பொதுவாக எழுதியிருந்தது. அப்படி ஓர் இடம் எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததைக் குறையாகச் சுட்டிய 2018ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

ஒத்திகையை அளக்கும் முறையிலும் மாற்றம் தேவை. மொத்தம் ஏழு நிமிடத்தில் காலியாகிவிட்டது என்று மட்டும் பதிவேட்டில் எழுதினால், அதில் தயங்கியது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்பது தெரியாமல் போய்விடும். தளத்துக்கு ஒருவரை நிறுத்தி, மணி ஒலித்தபின் முதல் ஆள் எழுந்த நேரம், கடைசி ஆள் எழுந்த நேரம், இடையில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற மூன்றையும் குறிக்கச் சொல்ல வேண்டும். கணினியை அணைத்தார்கள், பையைத் தேடினார்கள், மேலாளரின் அறையை எட்டிப் பார்த்தார்கள் என்று வரும் குறிப்புகளே அடுத்த ஒத்திகையில் எதைத் திருத்துவது என்பதைக் காட்டும். மேலாளரின் முகத்தைப் பார்த்துத் தயங்குகிறார்கள் என்றால், அவர் முதலில் எழுவதே அடுத்த ஒத்திகையின் பாடம். தேதியும் நேரமும் முன்பே மின்னஞ்சலில் போய்விட்ட ஒத்திகையில் இந்தக் குறிப்புகளுக்குப் பொருளே இல்லை. எல்லோரும் பையோடு தயாராக இருப்பார்கள்.

தவறாக ஒலித்த மணிக்குப் பிறகு மௌனமாக இருப்பதும் கேடு விளைவிக்கும். எந்தக் கருவி, என்ன காரணத்தால் ஒலித்தது, அது சரிசெய்யப்பட்டதா என்பதை அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் அடுத்த மணியை நம்புவதற்கு ஆதாரம் இருக்கும். அந்தத் தவறான மணிக்கு யார் முதலில் எழுந்து வெளியே போனாரோ அவரை அன்று யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் ஒத்திகை நடத்துபவரின் பொறுப்பே. ஒரு முறை கேலிக்கு ஆளானவர் அடுத்த மணிக்குப் பக்கத்து இருக்கையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.