ஐந்து வயதுப் பையன் படுக்கையை நனைத்தால்: வார்டு கேள்விக்கு விடை எழுதும் முறை

மனநலச் செவிலியர் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது. தொடை எலும்பு முறிந்து ட்ராக்‌ஷனில் இருக்கும் ஐந்து வயதுப் பையன், மூன்றாம் நாளிலிருந்து விரல் சூப்புகிறான், பால்புட்டி கேட்கிறான், படுக்கையை நனைக்கிறான். எந்தத் தற்காப்பு இயங்குமுறை? எந்த வளர்ச்சிநிலை?

படி 1: உடல் காரணத்தை முதலில் பாருங்கள். யூரினல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? கேட்க வெட்கப்படுகிறானா? காய்ச்சலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருந்தால் தொற்று இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் நேராக மனக்காரணத்துக்குப் போய்விடக் கூடாது.

படி 2: அம்மாவிடம் பழைய கதையைக் கேளுங்கள். மூன்று வயதிலேயே இரவில் நனைப்பதை நிறுத்திவிட்டான், விரல் சூப்புவதும் எப்போதோ போய்விட்டது என்கிறார். அப்படியானால் இது ரெக்ரெஷன், அதாவது பின்னடைவு: தாங்க முடியாத பதற்றத்தில், தன்னையறியாமல் முந்தைய நிலையின் பழக்கத்துக்குத் திரும்புவது. விரல் சூப்புவதை அவன் ஒருநாளும் விட்டதே இல்லை என்றால் கதை வேறு. அதைப் பின்னடைவு என்று எழுத முடியாது.

படி 3: இரண்டு நிலைகளையும் தனித்தனியாக எழுதுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். விரல் சூப்புவதைப் பார்த்ததும் பையன் ஃப்ராய்டின் வாய்நிலையில் இருக்கிறான் என்று எழுதிவிடுகிறார்கள். வாய்நிலை அவன் திரும்பிப்போன இடம், ஏறக்குறைய முதல் ஒன்றரை வயது வரைக்கும் உரியது. அவனுடைய நிலை வயதைப் பொறுத்தது. எரிக்சன் சொன்ன எட்டு நிலைகளில் மூன்றிலிருந்து ஆறு வயதுவரை 'முன்முயற்சியா, குற்றவுணர்வா' என்ற நிலை. ஐந்து வயதுப் பையன் அதில்தான் இருக்கிறான்.

படி 4: பராமரிப்பை அவனுடைய நிலையிலிருந்து எடுங்கள். இந்த வயதுக் குழந்தை, தான் குறும்பு செய்ததற்குத் தண்டனையாகவே கால் உடைந்தது என்று நம்பக்கூடும். "நீ செஞ்ச தப்பால இது நடக்கலடா கண்ணா" என்று நேரடியாகச் சொல்லுங்கள். படுக்கை நனைந்தால் திட்டாமல், மற்றவர் முன் பேசாமல், விரிப்பை மாற்றுங்கள். தவிர்க்க முடியாத சிகிச்சைக்கு "வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். எந்தக் கையில் மாத்திரை வாங்குவான், எந்தக் கதை கேட்பான் என்பது போன்ற சின்னத் தேர்வுகளை அவனிடம் விடுங்கள். பொம்மையின் காலுக்கு அவனே கட்டுப் போடட்டும். அம்மா கூடவே தங்க முடிந்தால் நல்லது.

அப்புறம், அதே கேள்வியில் அப்பா வந்து செவிலியரைத் திட்டுவதாகவும் ஒரு வரி இருக்கலாம். விபத்தின் மீதுள்ள கோபத்தை எதிரில் நிற்பவர்மேல் இறக்கினால் அது இடமாற்றம். மகனைக் கவனிக்காமல் விட்டதாகத் தன்மேலேயே உள்ள வெறுப்பை ஏற்க முடியாமல், "நீங்கள்தான் என்னை வெறுக்கிறீர்கள்" என்றால் அது புறத்தேற்றம். முன்னதில் உணர்வு அவருடையதாகவே இருக்கிறது, அது பாயும் ஆள்தான் மாறுகிறார். பின்னதில் உணர்வே அடுத்தவருடையதாகிவிடுகிறது.