ராத்திரி இருமலும் ஈஸ்னோபீலியாவும்: ரத்தத்தில் புழு இல்லை என்றதும் செய்கிற தவறு

நம்ம ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் நாலு தும்மல் போட்டாலே "எனக்கு ஈஸ்னோபீலியா" என்று சொல்லிவிடுவார்கள், அதாவது ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடியிருக்கிறதாம். பெங்களூர் வந்த பிறகு இது இன்னும் அதிகம், ஏனென்றால் இங்கே குளிருக்கும் பூந்தாதுக்கும் மெட்ரோ வேலைத் தூசிக்கும் மூக்கு ஒழுகாத ஆளே கிடையாது. அல்சூர் பக்கம் ஒரு லேபில் பல வருஷமாக ரத்தம் பார்க்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது சாதாரண அலர்ஜி. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் எப்போதாவது ஒருவர் உண்மையிலேயே யானைக்கால் புழுவால் வருகிற நுரையீரல் ஈசினோபீலியாவோடு வருவார், அவரையும் "அலர்ஜிதான்" என்று அனுப்பிவிடுவோம்.

போன வருஷம் அப்படி ஒரு தம்பி வந்தார். வயசு 31, சொந்த ஊர் சிதம்பரம் பக்கம், கே.ஆர்.புரத்தில் பி.ஜி.யில் தங்கியிருந்தார். மூன்று மாதமாக ராத்திரி இருமல், சரியாக ஒன்றரை இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை விடாது, நெஞ்சுக்குள் விசில் சத்தம், ஆறு கிலோ குறைந்து 51 கிலோவாக இருந்தார். பகலில் பார்த்தால் நல்லா இருக்கிற ஆள் மாதிரிதான் தெரியும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள், அதில் கொஞ்சம்தான் கேட்டது. எக்ஸ்ரேயில் நடுவிலும் கீழேயும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்ததால் டி.பி.யாக இருக்குமோ என்று இரண்டு முறை சளி பார்த்தார்கள், கிருமி இல்லை. இந்த டி.பி. குழப்பம் புதுசு இல்லை. இந்த நோயைப் பற்றிய தொடக்ககால விவரிப்புகளில் ஒன்று 1940இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையிலிருந்துதான் வந்தது, அதன் தலைப்பே ஏறக்குறைய 'போலி டி.பி.' என்றுதான் இருந்தது.

அவருடைய பழைய ரிப்போர்ட்டில் ஈசினோபில் 4 சதவீதம். நார்மல். அதனால் யாரும் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. தேதியைப் பார்த்துவிட்டு, அப்போது ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டேன். வீசிங் அதிகமாக இருந்ததால் ஒரு வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டாராம். கதையே அங்கேதான் மாறிவிட்டது. ஸ்டீராய்டு உள்ளே போனால் ஈசினோபில் எண்ணிக்கை சடசடவென்று இறங்கிவிடும், ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், நோய் அப்படியே இருக்கும். இருமலும் பத்து நாள் அடங்கித் திரும்ப வரும். ஆகவே ரத்தம் கொடுக்கும்போது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று லேபிலும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

இந்த முறை பார்த்தபோது மொத்த வெள்ளணு 19,200, அதில் ஈசினோபில் 46 சதவீதம். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் பொடி பொடியாக மணிகள் நிறைந்த அணுக்கள்தான் எங்கே நகர்த்தினாலும். இங்கே சதவீதத்தை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்க்கணும்: 19,200இல் 46 சதவீதம் என்றால் 8,832. சாதாரணமாக 500க்குள் இருக்க வேண்டியது இது. மொத்த வெள்ளணு 6,000 இருக்கிற ஒருவருக்கு 12 சதவீதம் என்றால் 720, அது அலர்ஜியிலும் ஆஸ்துமாவிலும் வரும், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். இந்த நோயில் வழக்கமாக 3,000க்கு மேல் போகும். இரண்டையும் "ஈஸ்னோபீலியா" என்று ஒரே பேரில் கூப்பிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

அப்புறம்தான் பெரிய தவறு வந்தது. யானைக்கால் புழு இருக்குமோ என்று ராத்திரி பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் நம் நாட்டில் அந்தக் குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும். ஒன்றுகூட இல்லை. "பாத்தியா, ஃபைலேரியா இல்லை" என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் இந்த நோயில் புழு ரத்தத்தில் கிடைக்கவே கிடைக்காது என்பதுதான் விஷயம். வளர்ந்த புழு நிணநீர்க் குழாயில் எங்கோ உட்கார்ந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கும். புழு இருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுடைய உடம்பு அந்தக் குட்டிகளுக்கு எதிராக அளவுக்கு மீறிச் சீறும். அவை நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் மாட்டியதுமே ஈசினோபில்கள் கூட்டமாக வந்து அழித்துவிடும். அந்தச் சண்டையில் நுரையீரல் வீங்குவதுதான் இருமல், வீசிங், எக்ஸ்ரே புள்ளி எல்லாம். புழு மிச்சமிருந்தால்தானே ரத்தத்தில் தெரியும்? அதேபோல் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது, இவர்களில் பலருக்குக் கால் வீக்கமே இருக்காது. இதற்குத் தேவையானது ஃபைலேரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி பரிசோதனையும், ஐ.ஜி.இ. என்ற இன்னொரு ஆன்டிபாடியின் மொத்த அளவும்தான். ஐ.ஜி.இ. பொதுவாக 1,000க்கு மேல் இருக்கும். அவருக்கு இரண்டுமே எகிறியிருந்தன.

"பெங்களூரில் ஏது யானைக்கால்?" என்று அவருடைய ரூம்மேட் கேட்டார். கேள்வி நியாயம்தான், ஆனால் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதைவிட முன்னே எங்கே இருந்தீர்கள் என்பதுதான் இங்கே கணக்கு. வளர்ந்த புழு உடம்புக்குள் பல வருஷம் உயிரோடு இருக்கும். இந்தத் தம்பி அதற்கு முன்னே பீகாரில் முசாஃபர்பூர் பக்கம் இரண்டு வருஷம் டவர் வேலை பார்த்திருக்கிறார், சாக்கடை ஓரம் வாடகை வீடு, கொசுவலை கிடையாது. ஓரிரு நாள் போய்வந்தவருக்கு இது வருவது அரிது, மாதக்கணக்கில் கடி வாங்கணும். ஆனால் டாக்டர் கேட்டால்தானே இதெல்லாம் வெளியே வரும், அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மருந்து டி.இ.சி. மாத்திரை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து, மூன்று வாரம். 51 கிலோவுக்குச் சுமார் 300, அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று வேளை. "ஊரில் வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் மாத்திரையை முழுங்கினேனே" என்றார் அவர். அதுவும் டி.இ.சி.தான், ஆனால் வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை, ஊரில் பரவாமல் தடுப்பதற்கு. இந்த நோய்க்கு அது போதாது. தும்மலுக்கெல்லாம் கடையில் வாங்கி நாலு நாள் போடுவதும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது, சிலருக்கு வாந்தி, காய்ச்சல், தலைசுற்றல் வரும், டாக்டர் பார்த்துத்தான் தரணும். ஆரம்பிக்கும் முன் அவருக்கு மலப் பரிசோதனையும் செய்தார்கள், ஏனென்றால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழுவும் ஈசினோபிலை ஏற்றும், அது இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

ஐந்தாம் நாள் ராத்திரி இருமாமல் தூங்கினார். சரியாகிவிட்டது என்று ஏழாம் நாளே மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், ரூம்மேட்தான் திட்டி 21 நாளும் போட வைத்தார். முழுசாகப் போட்டவர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வரும், வந்தால் இன்னொரு சுற்று போடணும். இரண்டாம் வாரம் ஈசினோபில் எண்ணிக்கை 1,900, மூன்று மாதம் கழித்து 420. ஆனால் அதே நாளில் ஊதிப் பார்த்த நுரையீரல் பரிசோதனை இன்னும் முழுசாக நார்மலுக்கு வரவில்லை. இந்த நோயை ரொம்ப நாள் விட்டால் உள்ளே தழும்பு விழுந்துவிடும், தழும்பை மாத்திரையால் எடுக்க முடியாது. அவருக்கு அது தழும்பா, மிச்சமிருக்கும் வீக்கமா என்று தெரிய ஆறு மாதம் கழித்து மறுபடி ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.