காஸ்ட் ஷீட் கவரிங் லெட்டர்ல நாம சொதப்புற இடங்கள்

பில்டர் ஆபீஸ்ல கஸ்டமரைப் பாத்துக்கிற சிஆர்எம்ல உக்காந்து நாலு வருஷமா, ஃப்ளாட் விலைக் கணக்கோட சேத்து அனுப்புற இந்த லெட்டரைத்தான் டைப் பண்றேன். கஸ்டமர் சண்டைக்கு வர்றது பெரும்பாலும் விலைக்காக இல்ல, "இதை அப்பவே ஏன் சொல்லல"ன்னுதான்.

கட்டிட்டு இருக்கிற ஃப்ளாட் ஒண்ண எடுத்துக்குவோம். ஃப்ளாட் விலை 65 லட்சம், கார் பார்க்கிங் 3 லட்சம், ஒரு வருஷ அட்வான்ஸ் மெயின்டெனன்ஸ் 60,000.

முதல் தப்பு, கடைசில "ஜிஎஸ்டி 5%"னு ஒத்த வரி போட்டு முடிச்சிடுறது. ஃப்ளாட்டும் பார்க்கிங்கும் சேர்ந்த 68 லட்சத்துக்கு 5%, அதாவது 3,40,000. ஆனா மெயின்டெனன்ஸ்ங்கிறது சர்வீஸ், அதுக்குப் பொதுவா 18%, அப்போ 10,800. எல்லாத்துக்கும் 5%னு எழுதிட்டீங்கன்னா அந்த 60,000க்கு 3,000தான் காட்டியிருப்பீங்க, சாவி குடுக்குற நேரத்துல 7,800 எக்ஸ்ட்ரா கேட்டு நிப்பீங்க, அவரு உங்க லெட்டரையே எடுத்து மேஜைல போடுவாரு. எந்தத் தொகைக்கு எத்தனை பர்சென்ட்னு தனித்தனியா எழுதிடுங்க.

ரெண்டாவது தப்புதான் பெருசு, டிடிஎஸ். விலை 50 லட்சம் தொட்டாலே வாங்குறவரு 1% புடிச்சு கவர்மெண்ட்டுக்குக் கட்டணும். இது கூடுதல் செலவே இல்ல, பில்டருக்குத் தர்ற காசுலருந்து கழிக்கிறது. நிறைய லெட்டர்ல இதையும் "வரிகள்"னு கூட்டல்ல சேத்துடுறாங்க, கஸ்டமரும் பாவம் ரெண்டு தடவை கட்டுறாரு. ஒரு தவணையை வச்சே காட்டிடுங்க, இப்படி:

"பிளிந்த் லெவல் தவணை 6,80,000, ஜிஎஸ்டி 34,000, மொத்தம் 7,14,000. இதுல டிடிஎஸ் 6,800 நீங்க புடிச்சு எங்க பேன் நம்பருக்குக் கட்டிட்டு மீதி 7,07,200 எங்களுக்கு அனுப்புங்க."

அந்த 34,000 ஜிஎஸ்டிக்கு டிடிஎஸ் கிடையாது பாருங்க, ஜிஎஸ்டியைத் தனியா காட்டினாத்தான் இது செல்லும். பார்க்கிங், கிளப், மெயின்டெனன்ஸ் தொகைக்கும் டிடிஎஸ் உண்டு, 2019 செப்டம்பர்லருந்து அப்படித்தான். புடிச்ச மாசம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள கட்டணும்னும் ஒரு வரி போடுங்க, லேட்டானா வட்டி அவரு தலைலதான் விழும்.

அப்புறம் இந்த "அட் ஆக்சுவல்ஸ்", அதாவது ஆகுற செலவை அப்படியே கட்டணும்ங்கிறது. இபி டெபாசிட், மெட்ரோ வாட்டர், பத்திரச் செலவு எல்லாத்துக்கும் இதையே எழுதி வச்சா படிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது, சேல்ஸ் பையன் வாயில சொன்ன நம்பர்தான் மனசுல நிக்கும். சரியான தொகை தெரியாதுன்னா போன ப்ராஜெக்ட்ல எவ்ளோ ஆச்சுன்னு சொல்லி, யாருக்கு எப்போ கட்டணும்னு எழுதுங்க. பத்திரத்துக்கான ஸ்டாம்ப் டியூட்டி கவர்மெண்ட்டுக்குப் போறது, அதுக்கு மேல ஜிஎஸ்டி இல்ல. கார்பஸ் ஃபண்ட் பின்னாடி அசோசியேஷன் கைக்குப் போற காசு, அதை மெயின்டெனன்ஸோட ஒரே வரில போட்டு வச்சோம்னா ரெண்டு வருஷம் கழிச்சு கணக்கு கேட்டு மொத்த அசோசியேஷனும் ஆபீஸ் வாசல்ல நிக்கும், நான் நின்னு பதில் சொல்லியிருக்கேன்.