வகைக்குள் எத்தனை சதவீதம்? எக்செல்லில் சறுக்கும் இடங்கள்

ஏற்காட்டு ஏரிக்கரைப் பக்கம் காபித்தூள், மிளகு, தைலம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கோடை விழா நடக்கும் மே மாதத்தின் விற்பனை கீழே. கணக்கு புரிவதற்காக எண்களை முழுசாக வைத்திருக்கிறேன்.

| வரிசை | A: வகை | B: பொருள் | C: தொகை (ரூ.) |
|---|---|---|---|
| 2 | காபி | அராபிகா | 24,000 |
| 3 | காபி | ரோபஸ்டா | 12,000 |
| 4 | காபி | பீபெரி | 4,000 |
| 5 | மசாலா | மிளகு | 27,000 |
| 6 | மசாலா | ஏலக்காய் | 18,000 |
| 7 | மசாலா | கிராம்பு | 5,000 |
| 8 | தைலம் | யூகலிப்டஸ் | 6,000 |
| 9 | தைலம் | லெமன்கிராஸ் | 4,000 |

கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது இதுதான்: காபி வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் அராபிகாவுக்குப் போனது எவ்வளவு? காபியின் மொத்தம் 40,000. அதில் 24,000 என்றால் 60 சதவீதம். மசாலாவின் மொத்தம் 50,000, அதில் மிளகு 54 சதவீதம். ஒவ்வொரு பொருளையும் அதனதன் வகையின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். D2-வில் இப்படி எழுதி, கீழே D9 வரை இழுத்துவிட்டு, சதவீத வடிவத்துக்கு மாற்றினால் போதும்:

```
=C2/SUMIF($A$2:$A$9,A2,$C$2:$C$9)
```

இதில் தவறு நடந்தால் எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. தப்பான எண்ணால் வகுத்தாலும் ஏதோ ஒரு சதவீதம் வந்து நிற்கும், பார்க்கவும் நம்பும்படியாகவே இருக்கும். அதனால் D நெடுவரிசைக்குக் கீழே `=SUM(D2:D9)` என்று ஒரு கூட்டல் போட்டு வைப்பது நல்லது. ஒவ்வொரு வகைக்குள்ளும் கூட்டினால் 100 வர வேண்டும். இங்கே மூன்று வகை இருப்பதால் சரியான விடை 300%. இந்த ஒரு எண்ணே பெரும்பாலான தவறுகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடியில் 100% வந்தால் நிறையப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த வேலையில் அதுதான் தவறின் அடையாளம். கடையின் மொத்த விற்பனையான ஒரு லட்சத்தால் எல்லாவற்றையும் வகுத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது அராபிகா 24%, மிளகு 27% என்று வரும். அது பொய் இல்லை, வேறொரு கேள்விக்கான பதில். ஆனால் "காபியில் அராபிகா கால்பங்குதான் ஓடுகிறது" என்று நினைத்து அடுத்த கொள்முதலைக் குறைத்தால் கடையில் சரக்கு பற்றாமல் போகும்.

அடுத்தது டாலர் குறி. SUMIF-க்குள் அதை விட்டுவிட்டு இழுத்தால், ஒவ்வொரு வரிசைக்கும் வரம்பு ஒரு படி கீழே நகர்ந்துகொண்டே போகும். D3 எட்டும்போது அராபிகா கணக்கிலிருந்து நழுவியிருக்கும், 12,000-ஐ 16,000-ஆல் வகுத்து ரோபஸ்டா 75% என்று காட்டும். பீபெரி 100% ஆகிவிடும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், ஒவ்வொரு வகையின் முதல் பொருளுக்கும் விடை சரியாகவே இருக்கும்: அராபிகா 60, மிளகு 54, யூகலிப்டஸ் 60. மேலே முதல் வரிசையை மட்டும் சரிபார்ப்பவர் ஏமாந்துவிடுவார். வகையின் கடைசிப் பொருள் எல்லாம் 100% என்று நின்றால் டாலரைத்தான் தேட வேண்டும். கூட்டலும் 600-ஐத் தாண்டியிருக்கும். சூத்திரத்தில் வரம்பைத் தேர்ந்தெடுத்து F4 விசையை அழுத்தினால் டாலர் தானாக விழும்.

கூட்டல் 400% என்று வந்தால் கண்ணுக்குத் தெரியாத நான்காவது வகை ஒன்று முளைத்திருக்கிறது. பீபெரி வரிசையில் "காபி" என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருந்தாலே போதும், SUMIF அதைத் தனி வகையாக எடுத்துக்கொள்ளும். பீபெரி தனக்குத்தானே 100% ஆகிவிடும், அராபிகா 66.7%-க்கு ஏறும், ரோபஸ்டா 33.3% ஆகும். பில் போடும் மென்பொருளிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டிய பட்டியலில் இது அடிக்கடி நடக்கும். TRIM போட்டும் சரியாகவில்லை என்றால், அங்கே இருப்பது சாதாரண இடைவெளி அல்ல, TRIM தொடாத இன்னொரு வகை. ஒரு உதவி நெடுவரிசையில் இரண்டையும் சேர்த்துத் துடைக்கலாம்:

```
=TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))
```

பிறகு SUMIF-க்குள் A நெடுவரிசை வரும் இரண்டு இடங்களும், அதாவது வரம்பும் A2-வும், அந்த நெடுவரிசையைப் பார்க்கட்டும். இனிமேல் கையால் தட்டச்சு செய்யும் பட்டியல் என்றால், Data Validation வைத்து வகையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிடுவதே மேல்.

சூத்திரம் வேண்டாம், பிவட் டேபிள் போதும் என்பவர்களுக்கு வேறொரு குழப்பம் இருக்கிறது. தொகையின் மேல் வலது கிளிக் செய்து Show Values As போனால் `% of Parent Row Total` என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அராபிகா 60% என்று சரியாக வரும். ஆனால் அதற்கு மேலே இருக்கும் காபி என்ற தலைப்பு வரிசை 40% என்று காட்டும், ஏனென்றால் காபிக்கு மேலே இருப்பது கடையின் மொத்தம். ஒரே நெடுவரிசையில் இரண்டு விதமான பங்கு. அச்செடுத்து இன்னொருவரிடம் கொடுத்தால் அவர் கண்டிப்பாகக் குழம்புவார். `% of Parent Total` தேர்ந்தெடுத்து, Base field-ஆக வகையைக் கொடுத்தால் காபி 100% என்றும் அதற்குள் 60, 30, 10 என்றும் வரும். எனக்கு இதுவே பிடிக்கும், படிப்பவருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், வடிகட்டும்போது கவனம். பிவட்டில் கிராம்பை மறைத்தால் மசாலாவின் மொத்தமே 45,000 ஆகிவிடும், மிளகு 54-லிருந்து 60%-க்குத் தாவும். SUMIF அப்படி இல்லை. வரிசையை வடிகட்டி மறைத்தாலும் அது கூட்டிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் எது தவறு என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இரண்டும் தவறில்லை, வகுக்கும் எண்தான் வேறு.

அடிக்கூட்டல் பிடிக்காத தவறும் ஒன்று உண்டு: மாதச் சதவீதங்களைச் சராசரி எடுப்பது. மே மாதம் கூட்டம் அலைமோதுகிறது, மசாலா 50,000-க்கு விற்று அதில் மிளகு 27,000. மழை மாதம் ஒன்றில் மசாலா மொத்தமே 10,000, மிளகு 3,000. பங்கு முறையே 54%, 30%. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 42% வரும். உண்மையில் 60,000-க்கு 30,000 விற்றிருக்கிறது, சரியாகப் பாதி. மந்தமான மாதத்துக்கும் மே மாதத்துக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் இது. ஏலக்காய்க்கும் கிராம்புக்கும் இதேபோல் சராசரி எடுத்தால் மூன்றும் சேர்ந்து 100 என்றே வரும், அதனால் கூட்டலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு மாதத்தின் தொகையையும் ஒரே பட்டியலில், மாதத்தின் பெயரை எழுத ஒரு நெடுவரிசை சேர்த்து, கீழே கீழே போட்டு வாருங்கள். எந்தக் காலத்துக்கான பங்கு வேண்டுமோ, அந்தக் காலத்தின் ரூபாயை முதலில் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை வகுக்கலாம்.