சூடான நீர் ஆறும் கணக்கு: குளிர்வு வளைகோட்டை வரைந்து படிப்பது எப்படி?

சூடான நீர் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. முதலில் மளமளவென்று இறங்கும் வெப்பநிலை போகப் போக மெதுவாகிவிடும். அந்த மெதுவாதலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், ஒரு மூடி போட்ட பாத்திரம் இருந்தால் அந்த ஒழுங்கை எண்களிலேயே பார்த்துவிடலாம். எப்படி அளப்பது, எப்படிக் கணக்குப் போடுவது, வளைகோடு எதிர்பார்த்தபடி வராவிட்டால் அது என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## 1. அளப்பதற்கு முன்

சுமார் 200 மில்லிலிட்டர் சூடான நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி மூடுங்கள். மூடியில் வெப்பமானி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை இருக்கட்டும். வெப்பமானியின் முனை நீரின் நடுவில் இருக்க வேண்டும். அடியையோ பக்கச் சுவரையோ தொட்டால் அது பாத்திரத்தின் வெப்பநிலையைத்தான் காட்டும். ஒவ்வொரு முறை அளப்பதற்கு முன்னும் மெதுவாக ஒரு கலக்கு கலக்குங்கள். கலக்காத நீரில் மேல்பகுதி சூடாகவும் அடிப்பகுதி ஆறியும் இருக்கும்.

ஊற்றிய உடனே கடிகாரத்தை ஓடவிட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் நீரின் வெப்பத்தை ஆறியிருக்கும் பாத்திரம் உறிஞ்சிக்கொள்ளும். அந்த இறக்கத்துக்குக் காரணம் பாத்திரம்தான், சுற்றியுள்ள காற்று இல்லை. பாத்திரமும் நீரும் ஒத்துப்போன பிறகு பூச்சியம் நிமிடம் என்று தொடங்குங்கள்.

அறையின் வெப்பநிலையையும் கட்டாயம் அளக்க வேண்டும். பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி, அதே உயரத்தில், தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இந்த ஓர் எண் பிசகினால் மொத்தக் கணக்கும் பிசகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## 2. எண்களை எழுதுவோம்

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு. அறை 28 °C. மூடிய பாத்திரம். அரை டிகிரி வரை படிக்கக்கூடிய வெப்பமானி.

| நிமிடம் | வெப்பநிலை (°C) | மிகை (°C) |
|---|---|---|
| 0 | 78.0 | 50.0 |
| 10 | 67.5 | 39.5 |
| 20 | 59.5 | 31.5 |
| 30 | 53.0 | 25.0 |
| 40 | 48.0 | 20.0 |
| 50 | 43.5 | 15.5 |
| 60 | 40.5 | 12.5 |

மூன்றாவது பத்தியில் இருப்பது நீரின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வந்தது. அறையைவிட நீர் எவ்வளவு அதிகச் சூடாக இருக்கிறது என்பதை இதை வைத்துத்தான் சொல்கிறோம். மிகை வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது பத்தியை மட்டும் பார்த்தால் ஒழுங்கு எதுவும் கண்ணில் படாது. 10.5 குறைந்தது, அப்புறம் 8, அப்புறம் 6.5, 5, 4.5, 3. மூன்றாவது பத்தியில் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 39.5 ÷ 50 = 0.79. 31.5 ÷ 39.5 = 0.80. 25 ÷ 31.5 = 0.79. கடைசி வரை 0.77-க்கும் 0.81-க்கும் இடையிலேயே நிற்கிறது. அதாவது, எந்தப் பத்து நிமிடத்தை எடுத்தாலும், தொடக்கத்தில் இருந்த மிகையில் சுமார் 79 சதவீதம் மிஞ்சுகிறது. முப்பது நிமிடத்தில் 50 பாதியாகி 25 ஆனது. அடுத்த முப்பது நிமிடத்தில் அந்த 25-ம் பாதியாகி 12.5 ஆனது. அடுக்குக்குறி விதி என்பது இதுதான்: சம நேரத்தில் சம அளவு குறையாது, சம பங்கு குறையும்.

## 3. ஏன் அப்படிக் குறைகிறது?

நீரிலிருந்து வெளியேறும் வெப்பம், நீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வித்தியாசம் இரட்டிப்பாக இருந்தால் ஒரு நிமிடத்தில் வெளியேறும் வெப்பமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் இந்த நீர் ஒரு டிகிரி இறங்க வெளியேற வேண்டிய வெப்பம் எப்போதும் ஒன்றுதான். ஆகவே இறங்கும் வேகம் மிகைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. மிகை குறையக் குறைய வேகமும் குறைகிறது. 1701-இல் நியூட்டன் வெளியிட்ட கருத்து இது. நாம் அதை நியூட்டனின் குளிர்வு விதி என்று படிக்கிறோம்.

இதைச் சூத்திரமாக எழுதினால்:

```
T = Ts + (T0 - Ts) × e^(-k t)
```

T என்பது t நிமிடத்தில் நீரின் வெப்பநிலை, Ts அறையின் வெப்பநிலை, T0 தொடக்க வெப்பநிலை. k என்பது ஆறும் வேகத்தைச் சொல்லும் மாறிலி. ஒரு நிமிடத்தில் மிகையில் எத்தனை பங்கு போகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. நீரின் அளவு கூடினால் k குறையும், காற்றுபடும் பரப்பு கூடினால் k கூடும்.

## 4. k-ஐக் கண்டுபிடிப்பது

வளைந்த கோட்டிலிருந்து k-ஐ நேரடியாகப் படிப்பது கடினம். அதனால் மிகையின் இயல் மடக்கையை எடுத்து நேரத்துக்கு எதிராக வரைகிறோம். சம பங்கு குறையும் எதற்கும் மடக்கை எடுத்தால் அது சம அளவாகக் குறையும். அதனால் வளைவு நேர்கோடாகிவிடும். அந்தக் கோட்டின் சாய்வு −k.

நம் எண்களில் 50-இன் மடக்கை 3.912, 12.5-இன் மடக்கை 2.526. வித்தியாசம் 1.386. அதை 60 நிமிடத்தால் வகுத்தால் k = 0.0231. நிமிடத்துக்கு மிகையில் சுமார் 2.3 சதவீதம் போகிறது என்று பொருள். இரண்டு முனைகளை மட்டும் நம்பாமல் ஏழு புள்ளிகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நேரம் A பத்தியிலும் வெப்பநிலை B பத்தியிலும் இரண்டாம் வரியிலிருந்து இருந்தால், விரிதாளில் C2-இல் முதல் சூத்திரத்தை எழுதி C8 வரை இழுங்கள். பிறகு வேறொரு கட்டத்தில் இரண்டாவது:

```
=LN(B2-28)
=SLOPE(C2:C8,A2:A8)
```

−0.0232 என்று வரும். நான்காவது தசமத்தில் ஒன்று கூடியதைப் பற்றிக் கவலை வேண்டாம், நம் வெப்பமானிக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

சரி, சூத்திரம் பொருந்துகிறதா என்று சோதிப்போம். 40-ஆவது நிமிடத்துக்கு 28 + 50 × e^(−0.0231 × 40) = 47.8. அளந்தது 48.0. இனி அளக்காத நேரத்தையும் கேட்கலாம். 35 °C-க்கு இறங்க எவ்வளவு ஆகும்? அப்போது மிகை 7. 50 ÷ 7-இன் மடக்கை 1.966, அதை 0.0231-ஆல் வகுத்தால் 85 நிமிடம்.

## 5. வளைகோட்டை அப்படியே படிக்க

மடக்கை எடுக்காமலும் கொஞ்சம் படிக்கலாம். வெப்பநிலைக்கும் நேரத்துக்குமான வளைகோட்டில் பூச்சியம் நிமிடத்தில் ஒரு தொடுகோடு வரையுங்கள். அதன் சாய்வு அந்தக் கணத்தில் நீர் ஆறும் வேகம். நம் எடுத்துக்காட்டில் அது நிமிடத்துக்கு 0.0231 × 50, அதாவது சுமார் 1.16 டிகிரி. முப்பதாவது நிமிடத்தில் வரைந்தால் அதில் பாதிதான் இருக்கும்.

முதல் தொடுகோட்டை நீட்டினால் அது 28 டிகிரிக் கோட்டை 43-ஆவது நிமிடத்தில் தொடும். 1 ÷ k-உம் 43 தான். ஆறும் வேகம் குறையாமல் அப்படியே நீடித்திருந்தால் நீர் 43 நிமிடத்தில் அறை வெப்பநிலைக்கு வந்திருக்கும். உண்மையில் அந்த நேரத்தில் மிகையில் 37 சதவீதம் இன்னும் பாக்கி இருக்கும்.

## 6. கோடு நேராக வராவிட்டால்

எனக்குப் பிடித்த பகுதி இது. மடக்கைக் கோடு வளைந்தால் எந்தப் பக்கம், எந்த இடத்தில் வளைகிறது என்று பாருங்கள்.

முதல் சந்தேகம் அறை வெப்பநிலை மீது. அதே நீர், அதே அளவீடுகள், ஆனால் அறையை 25 என்று தவறாக எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மிகை இப்போது 53, 28, 15.5. முதல் அரைமணியில் 1.89-இல் ஒரு பங்கானது, அடுத்த அரைமணியில் 1.81-இல் ஒரு பங்குதான் ஆனது. கோட்டின் வால் மேல்நோக்கித் தட்டையாகிறது. மாறாக 32 என்று எழுதியிருந்தால் மிகை 46, 21, 8.5. விகிதங்கள் 2.19, 2.47. வால் கீழ்நோக்கிச் சரிகிறது. சரியான 28-க்கு மட்டும் இரண்டு அரைமணியிலும் விகிதம் 2.00. ஆகவே வால் தட்டையானால் குறைவான Ts, வால் சரிந்தால் கூடுதலான Ts.

ஆனால் வாலில் ஒரு புள்ளி மட்டும் விலகினால் உடனே Ts-ஐ மாற்றிவிடாதீர்கள். அரை டிகிரிப் பிழை, மிகை 50 ஆக இருக்கும்போது 1 சதவீதம்தான். 12.5 ஆக இருக்கும்போது அது 4 சதவீதம். மிகை 10 டிகிரிக்குக் கீழே போன பிறகு வரும் புள்ளிகளுக்கு நான் அதிக எடை கொடுப்பதில்லை.

அடுத்த சந்தேகம் மூடி. மூடி இல்லாமல் ஆறவிட்டால் கோட்டின் தொடக்கம் மிகச் செங்குத்தாக இருந்து, பிறகு சாய்வு குறையும். இதற்குக் காரணம் ஆவியாதல். ஒரு கிராம் நீர் ஆவியாக 2300 ஜூலுக்கும் சற்று அதிகமான வெப்பம் வேண்டும். 200 கிராம் நீரை ஒரு டிகிரி இறக்க 840 ஜூல் வெளியேறினால் போதும். ஆக ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் போனாலே மீதி நீர் முழுவதும் இரண்டரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். ஆவியாகும் வேகம் மிகைக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. சூடான நீரில் அது மிகையைவிட வேகமாகக் கூடுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் விதி உடைகிறது.

இந்த வளைவும் குறைவான Ts கொடுக்கும் வளைவும் ஒரே பக்கம்தான் வளையும். பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. ஆவியாதலால் வரும் வளைவு சூடான பகுதியில்தான் பலமாகத் தெரியும், Ts பிழை வாலில்தான் தெரியும். இன்னும் உறுதியான வழி, தொடக்கத்திலும் முடிவிலும் பாத்திரத்தை நிறுப்பது. சில கிராம் குறைந்திருந்தால் ஆவிதான் காரணம். அப்போது வளைந்த தொடக்கத்தை விட்டுவிட்டு, கோடு நேராகும் பகுதியில் மட்டும் சாய்வை எடுங்கள். அந்த k அந்த எல்லைக்குள் மட்டும் பொருந்தும், அதை வைத்துத் தொடக்கத்தைக் கணிக்க முடியாது.

கோடு வளையாமல் நடுவில் சட்டென்று முறிந்து, அதன்பின் வேறொரு சாய்வில் நேராகப் போனால், அந்த நிமிடத்தில் சூழல் மாறியிருக்கிறது. யாரோ மின்விசிறியைப் போட்டிருக்கலாம், சன்னலைத் திறந்திருக்கலாம். அப்படிப்பட்ட வரைபடத்தில் முறிவுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக k எடுக்க வேண்டும். மொத்தத்துக்கும் சேர்த்து SLOPE போட்டால் ஏதோ ஓர் எண் வரும், ஆனால் அது இரண்டு சூழலுக்கும் பொருந்தாது.