எம்.சி.வி நோர்மல் என்றாலும் இரத்தசோகை: இரும்பா, பி12ஆ என்று ரிப்போர்ட்டில் பார்ப்பது எப்படி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் போன வருடம் ஒரு ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். "பிள்ளை, இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லும். இரத்தம் குறைவாம், இரும்புக் குளிசை தந்தவை. இரண்டு மாதம் போட்டும் களைப்புப் போகேல்லை" என்றார். வயது 48. பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு, முட்டையும் இல்லை. ஆறு வருடமாக நீரிழிவுக்கு மெற்போர்மின் எடுக்கிறார். நான் கொழும்பில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை செய்தவள். அந்த ரிப்போர்ட்டை வைத்தே, இரண்டு குறைபாடுகளையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். குளிசை எழுதுவது டொக்டரின் வேலை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், உங்களுக்கும் டொக்டருக்கும் நேரம் மிச்சம்.

படி 1: முதலில் ஈமோகுளோபின்

எஃப்.பி.சி என்று நாங்கள் சொல்லும் முழு இரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டை எடுத்து, ஈமோகுளோபின் வரியைப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. மாமிக்கு முதல் ரிப்போர்ட்டில் 9.6. இரத்தசோகை இருக்கிறது என்பதை மட்டும் இந்த எண் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. "இரத்தம் குறைவு" என்றதும் இரும்புக் குளிசைக்குப் போகிற பழக்கம் இந்த ஒரு வரியோடு வாசிப்பை நிறுத்துவதால்தான் வருகிறது.

படி 2: எம்.சி.வி, அதாவது செங்குழியத்தின் சராசரிப் பருமன்

வழமையான அளவு 80 முதல் 100 வரை. இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

செங்குழியத்துக்குள் நிறைந்திருப்பது ஈமோகுளோபின். அதைச் செய்ய இரும்பு வேண்டும். இரும்பு போதாவிட்டால் உள்ளே நிரப்பச் சரக்கு இல்லை. அதனால் குழியம் சிறிதாகவும் வெளிறியும் வெளியே வரும், எம்.சி.வி 80க்குக் கீழே இறங்கும். பி12இன் வேலை வேறு. குழியம் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏயைப் பிரதி எடுக்க வேண்டும், அதற்குத்தான் பி12 தேவை. அது இல்லாவிட்டால் குழியம் வளர்ந்துகொண்டே போகும், பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது. பெரிய குழியங்கள் வரும், எம்.சி.வி 100ஐத் தாண்டும்.

சிறியது என்றால் இரும்பு, பெரியது என்றால் பி12 என்றுதான் பாடத்தில் சொல்வார்கள். மாமியின் எம்.சி.வி 84. இரண்டுமில்லை, நோர்மல். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள்.

படி 3: ஆர்.டி.டபிள்யூ வரியை விடாதீர்கள்

எம்.சி.வி ஒரு சராசரி. ஒரு வகுப்பில் பாதிப் பேர் 20 புள்ளி, மற்றப் பாதி 80 புள்ளி எடுத்தால் சராசரி 50. ஆனால் 50 எடுத்த பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. இரும்பும் பி12உம் ஒன்றாகக் குறைந்த இரத்தத்தில் நடப்பதும் இதுதான். சிறிய குழியங்களும் பெரிய குழியங்களும் கலந்திருக்க, சராசரி நடுவில் வந்து நிற்கும்.

குழியங்களின் பருமன் எவ்வளவு தூரம் வேறுபடுகிறது என்று காட்டுவது ஆர்.டி.டபிள்யூ. பெரும்பாலான கூடங்களில் 14.5 வரை வழமை. மாமிக்கு 19.8. எம்.சி.வி நோர்மலாக, ஆர்.டி.டபிள்யூ இப்படி ஏறியிருந்தால் கலப்புக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் இன்னும் கூட.

அப்புறம், பிளட் பிக்சர் கேளுங்கள். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அது. மெஷினுக்குச் சராசரி தெரியும், கண்ணுக்குக் கலப்பே தெரியும். பி12 குறைந்தால் வெண்குழியங்களில் ஒரு வகையின் கரு வழமையைவிடக் கூடுதல் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். இரும்புக் குறைபாடு எம்.சி.வியை மறைத்தாலும் இந்த அடையாளம் பெரும்பாலும் தப்பாது. தலசீமியாக் காவியாக இருப்பவர்களுக்கும் எம்.சி.வி குறைந்திருக்கும், இரும்பு கொடுத்தாலும் ஏறாது. அந்தச் சந்தேகத்தையும் பிளட் பிக்சர் எழுப்பிவிடும்.

படி 4: குளிசை தொடங்க முன் இரண்டு பரிசோதனை

இரும்புக்கு ஃபெரிட்டின், பி12க்கு பி12 அளவு. இரண்டுக்கும் ஒரே தடவையில் இரத்தம் கொடுங்கள், மல்ட்டிவிற்றமின் எதுவும் தொடங்க முன் கொடுங்கள். சில நாள் விற்றமின் போட்டுவிட்டு வந்தால் பி12 எண் ஏறிக் காட்டும், உடம்புக்குள் குறை அப்படியே இருக்கும்.

ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் இரும்புச் சேமிப்பு முடிந்துவிட்டது. 30க்குக் கீழே இருந்தாலே பல டொக்டர்மார் குறைபாடாக எடுப்பார்கள். ஒரு எச்சரிக்கை: காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் இருக்கும் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். டெங்கிலிருந்து எழும்பிய கிழமையில் எடுத்த ஃபெரிட்டினை நம்ப வேண்டாம். பி12 மில்லிலீட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அங்கே கால் விறைப்பு, நாக்கு வழுவழுப்பாகிச் சிவந்து எரிவு, நடையில் தள்ளாட்டம் போன்ற அறிகுறிகள் இருந்தால் டொக்டர் மேலதிகப் பரிசோதனைக்கு எழுதுவார். அலகையும் பாருங்கள். சில கூடங்கள் பிக்கோமோலில் எழுதும். அதில் ஏறத்தாழ 148தான் இந்த 200.

மாமிக்கு முதலில் ஃபெரிட்டின் மட்டும் எடுத்திருந்தார்கள். 9. அது உண்மையான இரும்புக் குறைபாடுதான், இரும்பு கொடுத்தது பிழையில்லை. பி12ஐப் பார்க்காமல் விட்டதுதான் பிழை. எட்டுக் கிழமை இரும்புக்குப் பிறகு ஈமோகுளோபின் 10.8இல் நின்றுவிட்டது, எம்.சி.வி 102க்கு ஏறியிருந்தது. சிறிய குழியங்கள் போய்விட, ஒளிந்திருந்த பெரிய குழியங்கள் மட்டும் மிஞ்சின. பி12 எடுத்தபோது 142.

படி 5: தட்டைப் பாருங்கள், கோப்பையையும்

மாமியிடம் ஒரு நாள் சாப்பாட்டை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் இடியப்பம், சொதி. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை வறை, சோயா. சாப்பிட்டதும் ஒரு பிளேன்டீ. பின்னேரம் இன்னொன்று. பால் தேத்தண்ணி குடிப்பதில்லையா என்று கேட்டேன். "சீனி வருத்தம் வந்த பிறகு விட்டிட்டன்" என்றார். இரும்பு, பி12 இரண்டு குறைக்கும் அவர் கோப்பையில் ஒவ்வொரு காரணம் இருந்தது.

முதலில் இரும்பு. சைவச் சாப்பாட்டில் இரும்பு இருக்கிறது. பருப்பு, கடலை, முருங்கை இலை எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் தாவர இரும்பு குடலில் இலகுவாக உறிஞ்சப்படுவதில்லை, கூடச் சாப்பிடுவது என்ன என்பதைப் பொறுத்து அந்த அளவு ஏறும், இறங்கும். தேத்தண்ணியின் துவர்ப்புப் பொருள் இரும்போடு ஒட்டி, உறிஞ்சலைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். தேசிக்காய்ப் புளி அதைக் கூட்டும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது ருசிக்கு மட்டுமில்லை. பிளேன்டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கலாம். ஆனாலும் மாமிக்கு மாதவிடாய் கடுமையாகப் போகிறது. இழப்பு அப்படி இருக்கும்போது சாப்பாடு மட்டும் அதை ஈடுசெய்யாது, டொக்டர் அதையும் பார்க்க வேண்டும். ஆணுக்கோ மாதவிடாய் நின்றவருக்கோ ஃபெரிட்டின் குறைந்தால் சைவச் சாப்பாட்டின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். குடலில் எங்கோ இரத்தம் கசியலாம், அதைத் தேடியாக வேண்டும்.

பி12 கதை வேறு. இங்கே உறிஞ்சலுக்கு முன்னதாகச் சாப்பாட்டிலேயே அது இல்லை. பி12ஐச் செய்வது பக்டீரியாக்கள். அது மாமிசம், மீன், முட்டை, பாலில் சேர்ந்திருக்கும், தாவரத்தில் இருக்காது. எந்தக் கீரையைக் கூட்டினாலும் பயனில்லை. சொதியில் இருப்பது தேங்காய்ப்பால், அதில் பி12 இல்லை. சோயாவிலும் இல்லை, பக்கெட்டில் பி12 சேர்த்ததாக எழுதியிருந்தாலொழிய. இட்லி, தோசை மா புளிப்பதையும் நம்பியிருக்க முடியாது. பால் குடிக்கும் சைவருக்கு ஒரு கிளாஸ் பாலில் ஏறத்தாழ 1.2 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு நாள் தேவை 2.4. தயிரும் சேர்ந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மாமிக்கு இருந்த ஒரே வழி பால் தேத்தண்ணி. அது நின்றது, அதே காலத்தில் தொடங்கிய மெற்போர்மின் பி12 உறிஞ்சலையும் குறைத்தது. நெஞ்செரிவுக்கு வருடக்கணக்காகப் போடும் ஒமெப்பிரசோலும் அப்படித்தான்.

ஈரலில் பி12 சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். அதனால்தான் "இவ்வளவு காலம் இப்படித்தானே சாப்பிட்டேன்" என்ற வாதம் எடுபடாது. குறை மெதுவாக, சத்தமில்லாமல் வருகிறது.

படி 6: மருந்து தொடங்கிய பிறகு

இரும்பு வேலை செய்தால் மூன்று, நான்கு கிழமையில் ஈமோகுளோபின் ஒன்று முதல் இரண்டு வரை ஏற வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அது குளிசையால். எண் நோர்மலானதும் நிறுத்தக்கூடாது. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமளவு எடுக்கும். ஏறாவிட்டால் மூன்றைச் சரிபாருங்கள்: குளிசை ஒழுங்காகப் போடப்பட்டதா, தேத்தண்ணியோடு போடப்பட்டதா, பி12 பார்க்கப்பட்டதா.

மறுபக்கமும் உண்டு. பி12 ஊசி போட்டதும் எலும்பு மச்சை வேகமாக வேலை தொடங்கும், இருந்த இரும்பும் தீரும். எம்.சி.வி இறங்கி 80க்குக் கீழே போனால் இப்போது இரும்பின் முறை.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாமசியில் போலிக் அசிட்டை மட்டும் வாங்கிப் போட்டால் பி12 குறைந்தவரின் ஈமோகுளோபின் ஏறிவிடும். ரிப்போர்ட் அழகாகும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 அளவு தெரியாமல் அதைத் தனியாகத் தொடங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அசிட் அவசியமானது, அதை நிறுத்தவும் வேண்டாம்.

மாமிக்கு டொக்டர் பி12 ஊசியும் இரும்பும் சேர்த்துக் கொடுத்தார். மூன்று மாதத்தில் ஈமோகுளோபின் 12.6, எம்.சி.வி 89, ஆர்.டி.டபிள்யூ 14. களைப்புப் போய்விட்டது. கால் விரல் விறைப்பை நீரிழிவென்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதுவும் வலது காலில் போய்விட்டது. இடது காலில் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இப்போது பி12 குளிசையாக எடுக்கிறார், மெற்போர்மின் போடும் வரை அது தொடரும். வருடத்துக்கு ஒரு தடவை பி12 பார்க்க, நீரிழிவுக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.