செத்துப்போன சார்ஜரில் ஒரு கோடு

வீட்டில் செத்துப்போன போன் சார்ஜர் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் போர்டில் மார்க்கரால் ஒரே ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். சார்ஜர் எப்படி வேலை செய்கிறது, மலிவானதில் என்ன கோளாறு என்பது இரண்டும் அந்தக் கோட்டில் பிடிபட்டுவிடும். நான் எடுத்துக்கொண்டது, தள்ளுவண்டியில் 80 ரூபாய்க்கு வாங்கிய 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர்.

1. முதலில் கெப்பாசிட்டரை வடியுங்கள்

ப்ளக்கிலிருந்து கழற்றி ஒரு நாளாவது ஆன சார்ஜரை மட்டும் திறங்கள். உள்ளே 400 வோல்ட் என்று எழுதிய உருளை கெப்பாசிட்டர் இருக்கும். ஓடுகிற சார்ஜரில் அது சீக்கிரம் வடிந்துவிடும். செத்ததில் வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை, பிடியில் ரப்பர் உறை போட்ட குறடால் பிடித்து, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் படும்படி ஐந்து விநாடி வையுங்கள். அப்புறம் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் போர்டைக் கையில் தொட வேண்டும்.

2. மின்சாரம் போகும் வழி

ப்ளக் முனையிலிருந்து தொடங்குங்கள். 230 வோல்ட் ஏசி டயோடுகள் வழியாகப் போய் டிசி ஆகிறது. நல்ல சார்ஜரில் நான்கு டயோடு இருக்கும், என்னுடையதில் ஒன்றே ஒன்று. அடுத்து அந்தக் கெப்பாசிட்டர். அங்கே வோல்டேஜ் குறையவில்லை, ஏறுகிறது! அலையின் உச்சத்துக்கு அது நிரம்புவதால் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும்.

அடுத்து இருப்பது ட்ரான்சிஸ்டர். இதுதான் சுவிட்ச். விநாடிக்கு சுமார் 50,000 முறை போட்டு அணைக்கிறது. போடும்போது ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் கம்பிச் சுற்றில் மின்சாரம் ஏறி, ஆற்றல் காந்தமாகச் சேர்கிறது. அணைக்கும்போது அந்த ஆற்றல் இரண்டாவது சுற்று வழியாக வெளியே வருகிறது. ஒரு டயோடும் கெப்பாசிட்டரும் அதைச் சீராக்க, 5 வோல்ட் கிடைக்கிறது. வெளியே வோல்டேஜ் கூடினால், சுவிட்ச் போட்டிருக்கும் நேரம் குறையும்.

ஏன் இவ்வளவு வேகம்? 5 வாட் வேண்டுமானால், 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு சுழற்சிக்கும் 0.1 ஜூல் கடத்த வேண்டும். 50,000 ஹெர்ட்ஸில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அதனால்தான் பழைய அடாப்டரில் கனத்த இரும்புக் கட்டியாக இருந்த ட்ரான்ஸ்ஃபார்மர், இதில் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

3. கோடு போடுங்கள்

போர்டைத் திருப்பி, செம்புத் தடங்கள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றோடு சேர்ந்த தடங்கள் ஒரு பக்கம், யுஎஸ்பி முனையோடு சேர்ந்தவை மறுபக்கம். நடுவில் கோடு போடுங்கள். அந்தப் பக்கம் 325 வோல்ட், இந்தப் பக்கம் நம் விரல் படும் இடம். இரண்டையும் எந்தச் செம்பும் இணைக்கக் கூடாது.

கோட்டைத் தாண்ட அனுமதி உள்ளவை மூன்றுதான். காந்தத்தால் கடத்தும் ட்ரான்ஸ்ஃபார்மர், வெளியே வோல்டேஜ் எவ்வளவு என்று சுவிட்ச் பக்கத்துக்கு ஒளியால் சேதி சொல்லும் ஆப்டோகப்ளர், இரைச்சலை அடக்கும் ஒய் கெப்பாசிட்டர். ஆப்டோகப்ளர் இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ட்ரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு சுற்று வைத்து அதன் வேலையைச் செய்யும் நல்ல சார்ஜர்களும் உண்டு.

4. அளந்து பாருங்கள்

இப்போது ஸ்கேலை எடுங்கள். கோட்டின் இருபுறத் தடங்களுக்கும் நடுவே, மிகக் குறுகலான இடத்திலும் 5, 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். என்னுடையதில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. கொஞ்சம் ஈரமும் தூசியும் சேர்ந்தால் மின்சாரம் அதைத் தாண்டிவிடும்.

ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மஞ்சள் டேப்பைப் பிரித்தேன். நல்லதில் இரு சுற்றுகளுக்கும் நடுவே மூன்று அடுக்கு டேப் இருக்கும், அல்லது இரண்டாவது சுற்றே மூன்று உறை போட்ட கம்பியாக இருக்கும். இதில் ஒரே அடுக்கு, கம்பிக்கு வெறும் எனாமல் பூச்சு. இரண்டாவது சுற்றின் கம்பி வெளியே வரும்போது முதல் சுற்றின் மேலேயே உரசிக்கொண்டு வந்தது. சூட்டில் அந்தப் பூச்சு வெடித்தால் வீட்டு மின்சாரம் நேராக யுஎஸ்பி உலோகத்துக்கு வந்துவிடும். போன் வழக்கம்போல சார்ஜ் ஏறலாம், தொட்டால்தான் தெரியும்.

ஒய் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் நின்றது. 2.2 நானோஃபாரட் ஒய் கெப்பாசிட்டர் சரியாக இருந்தால் அதன் வழியே கசிவது 0.16 மில்லிஆம்பியர் அளவுதான். சில நல்ல சார்ஜரிலும் போனின் உலோக விளிம்பு லேசாகச் சுருக்கென்று இருப்பது இதனால்தான். சாதாரணக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால், அந்த வரம்பு போய்விடும்.

மீட்டரில் ஓம் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும் அதற்கு இணைப்பே இல்லாததாகத்தான் தெரியும். தயாரிப்பில் இந்தத் தடுப்பை 3,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறார்கள். வீட்டில் நமக்கு இருப்பது கண்ணும் ஸ்கேலும்தான்.

அன்று ஜோடியாக வாங்கியதில் இன்னொரு சார்ஜர் படுக்கையறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அளந்து முடித்ததும் போய் அதைக் கழற்றி, வயரை வெட்டிவிட்டேன்.